புள்ளி வைக்கும் ஆசிரியர்களுக்கு

எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும்,

நான் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருப்பவள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் உங்களில் பலர் எங்கள் கடைக்கு வருகிறீர்கள். கைபேசியில் ஒரு படம் இருக்கும், அல்லது எங்கிருந்தோ கிடைத்த பி.டி.எஃப். இருக்கும். புள்ளிகளால் ஆன ஒரு ‘அ’, கீழே நான்கு கோடு, ஓரத்தில் அணில் படம். அப்படியே நாற்பது பிரதி எடுத்துத் தரச் சொல்வீர்கள். எடுத்தும் தருகிறேன். ஆனால் அந்தத் தாள்களில் பெரும்பாலானவை பிள்ளையின் கைக்கு எழுத்தைச் சொல்லித் தருவதில்லை என்பதை உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நின்று பேசி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் மடலாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளி எழுத்தை உற்றுப் பாருங்கள். கணினியில் நாம் பயன்படுத்தும் எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கோடாகச் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. எழுத்தின் கனத்தைச் சுற்றிப் போகும் விளிம்பாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்குள் கறுப்பை நிரப்பினால் நாம் வாசிக்கும் எழுத்து வரும். ஆகவே ஒரு ‘ம’வைத் தட்டச்சு செய்து, நிறத்தை எடுத்துவிட்டு, ஓரத்தைப் புள்ளிக்கோடாக மாற்றினால் எங்கும் இரண்டு வரிசைப் புள்ளிகள் வரும். இடது காலுக்கு இரண்டு, அடிக்கோட்டுக்கு இரண்டு. பிள்ளை என்ன செய்யும்? வெளிப்பக்க வரிசையைப் பிடித்துக்கொண்டு எழுத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் வரும், பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். முடித்த தாளைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கை ‘ம’ எழுதவில்லை. ‘ம’வைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. தாளை அந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்து வெறும் இடத்தில் ‘ம’ எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியாது.

விளிம்பு எழுத்துக்கும் ஒரு நல்ல பயன் உண்டு. ஒரு விரல் நுழையும் அகலத்துக்கு அந்த இடைவெளியைப் பெரிதாக்கி, தாள் நிறைய ஓர் எழுத்து மட்டும் போட்டால், அதற்குள் விரலாலோ மெழுகுக் குச்சியாலோ ஓட்டிப் பழகலாம். பரப்பிய நெல்லில் விரல் பிடித்து எழுத வைக்கிற அதே பழக்கம்தான். பென்சில் பிடித்துவிட்ட பிள்ளைக்கு வேண்டியது வேறு. கை போகும் பாதையின் நடுவே ஒரே ஒரு வரிசைப் புள்ளி வேண்டும். எங்கே தொடங்குவது என்பதும் எந்தப் பக்கம் போவது என்பதும் தெரிய வேண்டும். பெட்டியின் அளவு, கோடு, புள்ளியின் இடைவெளி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

‘ம’வையே எடுத்துக்கொண்டு ஒரு தாளை முழுதாகச் செய்து பார்ப்போம். ‘அ’வில் தொடங்காமல் ட, ப, ம என்று போவது நம் வகுப்புகளுக்குப் புதிதல்ல. ‘ட’வுக்கு இறங்கி வலப்பக்கம் திரும்பினால் போதும். ‘ப’வுக்கு அதோடு ஓர் ஏற்றம். ‘ம’வுக்கு அந்த ஏற்றத்தின் உச்சியில் உள்ளே வளைந்து அடிக்கோட்டைத் தொடும் ஓர் இறக்கம். பென்சிலை எடுக்கவே வேண்டாம். மூன்று எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாக வளர்வதால், தாளில் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் அசைவுதான்.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். நான்கு பக்கமும் 15 மி.மீ. ஓரம் விட்டால் 180க்கு 267 மிஞ்சும். அதில் 60 மி.மீ. சதுரப் பெட்டி குறுக்கே மூன்று சரியாக உட்காரும். கீழ்நோக்கி நான்கு வரிசை போட்டால் 240 மி.மீ.; மேலே 27 மி.மீ. மிச்சம். பெயர் எழுத அது போதும். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு பெட்டி, ஒரே எழுத்து. இதைவிடச் சிறிய பெட்டியில் இருபது, முப்பது என்று நிரப்பித் தரச் சொல்கிறவர்கள் உண்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு விரல் நுனியில் இன்னும் முழுப் பிடி வந்திருக்காது. முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்துதான் எழுதும். அந்த அசைவுக்கு இடம் வேண்டும். சின்னப் பெட்டியில் ‘ம’வின் உள்வளைவு நசுங்கி, ‘ப’வுக்கு நடுவே ஒரு குச்சி வைத்ததுபோல் ஆகிவிடும். பன்னிரண்டே அதிகம் என்றுகூடச் சில நாள் நினைக்கிறேன்.

அடுத்தது வழிகாட்டிக் கோடு. கடையில் விற்கும் நாலு கோடு நோட்டு ஆங்கிலத்துக்காக ஆனது. அதில் மூன்று இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும். தமிழுக்கு நாம் பழகிய இரட்டைக் கோடு நோட்டு இதைவிடப் பொருத்தமானது; ட, ப, ம, ய எல்லாம் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கும். ஆனால் அந்த நோட்டில் கோட்டுக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் என்று யாரும் யோசிப்பதில்லை, தமிழுக்கோ இரண்டும் வேண்டும். ‘ப்’ என்றால் புள்ளி மேல்கோட்டுக்கு மேலே. ‘பி’, ‘பீ’ என்றால் விசிறி மேலே எழும்பும். ‘பு’ என்றால் வலக்கால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும், ‘பூ’வும் அப்படித்தான். ர, ற, ழ மூன்றும் எந்தக் குறியும் இல்லாமலே கீழே வால் விடும். அதனால் 60 மி.மீ. பெட்டியை மூன்றாகப் பிரிக்கிறேன்: மேலே 14, நடுவே 28, கீழே 18. கீழே சற்று அதிகம், ஏனென்றால் ‘பூ’வுக்குச் சுழித்துத் திரும்பவும் இடம் வேண்டும். ‘ம’வுக்கு மேலும் கீழும் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். இன்றைக்கு ‘ம’ எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குப் பழகினால், பிறகு ‘மி’ வரும்போது எழுத்தின் உடல் சுருங்காது. பெட்டி முழுக்க எழுத்தை இழுத்து நிரப்பிய தாளில் பழகிய பிள்ளை ‘மி’ எழுத வரும்போது விசிறிக்கு இடம் தேடி ‘ம’வைக் குட்டையாக்கும். ‘ம’ இப்படிக் குட்டையான நோட்டு கையில் கிடைத்தால் காரணம் அதுதான்.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். ட, ப, ம ஆகிய எழுத்துகளின் அடிப்பகுதி நேரான கிடைக்கோடு. அது கீழ்க்கோட்டின் மேலேயே போய் உட்காரும். கறுப்பாக ஒரு வழிகாட்டிக் கோடு, அதே இடத்தில் புள்ளிவரிசை என்றால் பிள்ளைக்கு எழுத்து எது, கோடு எது என்று தெரியாது. சில பிள்ளைகள் கீழே இறங்கி வந்து, கோட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் ஓரம் வரை போய்விடும். இன்னும் சில பிள்ளைகள் அடிக்கோடு ஏற்கெனவே இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டு இரண்டு கால்களை மட்டும் போடும். வழிகாட்டிக் கோட்டையும் புள்ளிக்கோடாக்கினால் குழப்பம் இரட்டிப்பாகும். கலர் பிரிண்ட் எடுக்க முடிந்தவர்கள் வெளிர் நீலத்தில் கோடு போடலாம். ஜெராக்ஸ்தான் கதி என்றால் நான் செய்வது இது: கோட்டைப் பெட்டியின் இரண்டு ஓரத்திலும் 8 மி.மீ. நீளத்துக்கு மட்டும் போட்டு, நடுவில் விட்டுவிடுவேன். கண் இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்து உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். கைக்கு மட்டும் புள்ளிவரிசை மிஞ்சும். ‘ம’ 12 மி.மீ.-இல் தொடங்கி 48-இல் முடிவதால் கோட்டுத் துண்டு எழுத்தைத் தொடாது. எழுத்து கைவந்த பிறகு, கடைசி வரிசையில் கோட்டை முழுதாகப் போடலாம்.

ஒரு பெட்டியை எப்படி வரைவது என்று அப்படியே தருகிறேன். இது எஸ்.வி.ஜி. என்னும் படக்கோப்பு. கீழே இருப்பதை நோட்பேடில் தட்டி `ma.svg` என்ற பெயரில் சேமித்து, உலாவியில் திறந்தால் படம் தெரியும்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg"
     width="60mm" height="60mm" viewBox="0 0 60 60">
  <rect x="0.5" y="0.5" width="59" height="59"
        fill="none" stroke="black" stroke-width="0.5"/>
  <path d="M0 14 H8 M52 14 H60 M0 42 H8 M52 42 H60"
        stroke="black" stroke-width="0.3"/>
  <path d="M12 14 V42 H48 V24 C48 10.7 28 10.7 28 24 V42"
        fill="none" stroke="black" stroke-width="1.2"
        stroke-linecap="round" stroke-dasharray="0 4"/>
  <circle cx="12" cy="14" r="2"/>
</svg>
```

இதில் உள்ள எண்கள் எல்லாம் மில்லிமீட்டர்தான். மூன்றாவதாக வரும் நீண்ட வரிதான் ‘ம’. `M12 14` என்பது பென்சிலை வைக்கும் இடம். `V42` என்றால் கீழ்க்கோடு வரை இறங்கு. `H48` என்றால் வலப்பக்கம் போ. `V24` என்றால் ஏறு. `C` என்று தொடங்குவது உள்வளைவு. கடைசி `V42` மறுபடி அடிக்கோடு வரை இறக்கம். வகுப்பில் நீங்கள் வாயால் சொல்லும் வரிசை எதுவோ அதே வரிசை. `stroke-dasharray="0 4"` என்பதோடு முனையை உருண்டையாக்கச் சொன்னால், 4 மி.மீ.-க்கு ஒரு வட்டப் புள்ளி விழும். புள்ளியின் அளவு 1.2 மி.மீ., பென்சில் கோடு அதன் மேல் போனாலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். தொடங்கும் இடத்தில் மட்டும் 4 மி.மீ. குறுக்களவுள்ள கறுப்பு வட்டம்.

இடைவெளிக்கு 4 மி.மீ. எடுத்ததற்குக் காரணம் உண்டு. இடது கால் 28 மி.மீ.; நாலால் வகுபடும். அடிக்கோடு 36 மி.மீ.; அதுவும் வகுபடும். அதனால் இரண்டு மூலையிலும் கச்சிதமாக ஒரு புள்ளி விழுகிறது. இடைவெளியை 5 ஆக்கிப் பாருங்கள். மூலைக்கு 3 மி.மீ. முன்னால் ஒரு புள்ளி, திரும்பி 2 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி என்று விழும். மூலை காலியாக இருக்கும். பிள்ளை அந்த இரண்டு புள்ளியையும் சாய்வாக இணைக்கும். ‘ப’ கிண்ணம்போல் உருண்டுவிடும். எழுத்துருவில் புள்ளி போட்டுத் தரும் மென்பொருள்கள் மூலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. திரும்பும் இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ‘ம’வின் உள் இறக்கத்தை 28-இல் வைத்ததும் இதற்காகத்தான். 12-இல் தொடங்கி நாலு நாலாகப் போனால் அடிக்கோட்டில் 28-இல் ஒரு புள்ளி இருக்கும். கை இறங்கி வந்து சேர அது ஓர் இலக்கு.

பன்னிரண்டு பெட்டியிலும் இதே படத்தை ஒட்டிவிடாதீர்கள். முதல் வரிசையின் முதல் பெட்டியில் முழுக்கோட்டில் ‘ம’ இருக்கட்டும். பக்கத்தில் அம்புக்குறியோடு 1, 2, 3 என்று அசைவின் வரிசை. அடுத்த ஐந்து பெட்டிகளில் மேலே சொன்ன நெருங்கிய புள்ளி. மூன்றாம் வரிசையில் புள்ளிகளை ஒரேயடியாகக் குறைத்து, தொடங்கும் இடம், இரண்டு மூலை, வளைவின் உச்சி, முடியும் இடம் என ஐந்து புள்ளி மட்டும் வையுங்கள். இந்த வரிசைதான் என் கணக்கில் தாளின் உயிர். நெருங்கிய புள்ளியில் பிள்ளையின் கண் அடுத்த புள்ளியைத் தாண்டிப் போகாது. ஐந்து புள்ளி மட்டும் இருக்கும்போதுதான் எழுத்தின் வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கையை ஓட்ட வேண்டியிருக்கும். நான்காம் வரிசையில் தொடக்க வட்டம் மட்டும். இடைவெளியை நாலிலிருந்து எட்டு, பன்னிரண்டு என்று சீராக ஏற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். ஏற்றினால் மூலைக் கணக்கு தப்பிவிடும், அதனால்தான் நேராக ஐந்து புள்ளிக்குப் போகிறேன்.

இடக்கைப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாதிரி எழுத்து வரிசையின் இடது முனையில் மட்டும் இருந்தால், எழுதும்போது அவர்களுடைய கையே அதை மறைத்துவிடும். தாளின் தலைப்பில் விட்ட 27 மி.மீ. இடத்தில், வலப்பக்க மூலையில் ஒரு சிறிய மாதிரியை வைத்துவிட்டால் போதும்.

எஸ்.வி.ஜி.யெல்லாம் வேண்டாம், வேர்டில்தான் செய்வேன் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. விளிம்பைப் புள்ளியாக்குவதற்குப் பதில், மிக மெல்லிய எழுத்துருவை எடுத்துப் பெரிய அளவில் போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் இரண்டும் இலவசம், இரண்டிலும் `Thin` என்ற மெலிந்த வகை உண்டு. பெரிதாக்கினாலும் கோடு ஏறத்தாழப் பென்சில் கோட்டளவிலேயே நிற்கும். பிள்ளை அதன் மேலேயே ஒற்றைக் கோடாக ஓட்டலாம். புள்ளி இல்லாவிட்டாலும் பாதை ஒன்றுதான், அதுவே பெரிய லாபம். கனமும் மெலிவும் மாறி மாறி வரும் புத்தக எழுத்துருக்களை இதற்கு எடுக்காதீர்கள்.

எந்த எண்ணில் போட்டால் உடல் 28 மி.மீ. வரும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். எழுத்துருவின் புள்ளி அளவு என்பது எழுத்தின் உயரத்தைச் சொல்வதில்லை, மேலும் கீழும் விட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்வது. 100 புள்ளியில் ஒரு ‘ப’வை அச்சிட்டு அளவுகோலை வைத்து அளந்துவிடுங்கள். 20 மி.மீ. வந்தால், 28 மி.மீ.-க்கு 140 புள்ளி வேண்டும். பிறகு மூன்று எழுத்துக்கும் அதே எண். வேர்டில் வரி உயரத்தை `Exactly` என்று பூட்டி வைத்திருந்தால் ‘பி’யின் மேல்பகுதியும் ‘பு’வின் காலும் வெட்டுப்படும். திரையில் கவனிக்காமல் நாற்பது பிரதி எடுத்த பிறகுதான் தெரியும்.

துணைக்கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளைத் தனியாகப் பழக்க நினைத்து அவற்றை மட்டும் தட்டச்சு செய்தால், குறிக்குப் பக்கத்தில் புள்ளியால் ஆன ஒரு வட்டம் வந்து நிற்கும். ‘இந்தக் குறிக்கு எழுத்து இல்லை’ என்று கணினி நமக்குச் சொல்லும் அடையாளம் அது. பயிற்சித்தாளில் புள்ளி என்றாலே ‘இதன் மேல் எழுது’ என்றுதானே பிள்ளை பழகியிருக்கிறது? அது அந்த வட்டத்தையும் எழுதும். அப்படி அச்சான தாள்களைப் பார்த்திருக்கிறேன். ‘ெ’ எழுதச் சொன்னால் பக்கத்தில் ஒரு முட்டையும் போடும் பிள்ளைகள் அதில் பழகியவர்கள். குறிகளை வரைந்தே வையுங்கள், தட்டச்சு செய்ய வேண்டாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்புகள் இன்னும் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் `mk;kh` என்று நிற்கும். கடைக்குக் கொண்டுவரும் முன் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுவாருங்கள், இந்தத் தொல்லை இராது.

ட, ப, ம பெரும்பாலும் நேர்க்கோட்டில் அடங்கிவிட்டன. ‘அ’ அப்படியல்ல. அதற்கு எண்களைக் கணக்குப் போட்டு வரைய முடியாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் தோதானது. மெல்லிய எழுத்துருவில் ஒரு பெரிய ‘அ’வைப் போட்டு, அதைப் பூட்டிவிட்டு, மேலே வேறோர் அடுக்கில் பேனாக் கருவியால் நீங்களே வரையுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதுபோல உள் சுழியில் தொடங்கி, வளைவை முடித்து, பென்சிலை எடுத்து, வலப்பக்க நேர்க்கோட்டை மேலிருந்து கீழே இழுங்கள். இரண்டு அசைவு என்றால் இரண்டு தனிக் கோடு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வட்டம், பக்கத்தில் 1, 2. இதே மென்பொருளில் படத்தின் நடுக்கோட்டைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு, `Trace Bitmap` என்பதற்குள் இருக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால் ‘அ’வில் கோடு கோட்டை வெட்டும் இடங்களில் அது பாதையைத் துண்டு துண்டாக்கிவிடும், எந்தத் துண்டு முதலில், எந்தத் திசையில் என்று அதற்குத் தெரியாது. கையால் வரைவதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகத்தான் ஆகும். வரைந்த கோட்டுக்கு உள்நிறம் இல்லாமல் செய்து, கோட்டு வகையைப் புள்ளியாக்கி, முனையை உருண்டையாக்கினால் ‘ம’வுக்குச் செய்ததே இங்கும் வந்துவிடும்.

ண, ஊ, ஐ, ஔ போன்றவை 60 மி.மீ. பெட்டியில் அடங்கா. அடக்க வேண்டும் என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவதும் வேண்டாம், மொத்தமாகச் சிறிதாக்குவதும் வேண்டாம். நெருக்கினால் சுழி முட்டையாகும். சிறிதாக்கினால் ‘ட’வும் ‘ண’வும் ஒரே உயரம் என்ற செய்தி போய்விடும். உயரம் மூன்று பகுதியும் அப்படியே இருக்க, பெட்டியின் அகலத்தை மட்டும் 90 மி.மீ. ஆக்குங்கள். குறுக்கே மூன்றுக்குப் பதில் இரண்டு, தாளுக்கு எட்டுப் பெட்டி.

இனி அச்சு. இங்கேதான் மேலே செய்ததெல்லாம் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அச்சிடும் சாளரத்தில் `Fit` என்று இருந்தால் பிரிண்டர் தன் விருப்பத்துக்குச் சுருக்கும். `Actual size` அல்லது 100% என்று மாற்ற வேண்டும். தாளின் அடியில் 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் பிரதியை எடுத்ததும் அளவுகோலை அதன் மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ளவர்களுக்குக் கடையில் கிடைக்கும் தாள் ஏ4 அல்ல, லெட்டர். 216க்கு 279 மி.மீ. இங்கே செய்த பக்கத்தை அங்கே சுருக்கி அச்சிட்டால் பெட்டி 56 மி.மீ. ஆகும். அது பெரிய கேடில்லை. சுருக்காமல் அச்சிட்டால், பக்கம் தாளில் உட்காரும் இடத்தைப் பொறுத்துத் தலைப்போ கடைசி வரிசையோ ஓரத்தில் வெட்டுப்படலாம். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் 12 மி.மீ. ஆக்கி, தலைப்பை 15 மி.மீ.-க்குள் அடக்கினால் நான்கு வரிசையும் லெட்டர் தாளிலேயே முழு அளவில் நிற்கும்.

புள்ளிக்குப் பதில் சாம்பல் நிறத்தில் எழுத்தைப் போடும் தாள்களும் நிறைய வருகின்றன. நேராகப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தால் அவை நல்ல தாள்களே. பிள்ளையின் பென்சில் கறுப்பு தனியாகத் தெரியும். ஆனால் லேசர் பிரிண்டரில் சாம்பல் என்று தனி மை கிடையாது. நுண்ணிய கறுப்புப் பொட்டுகளை இடைவெளி விட்டுத் தூவித்தான் அது சாம்பலைக் காட்டுகிறது. அதை ஜெராக்ஸில் வைத்தால் பொட்டுகளில் பாதி மறையும் அல்லது ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகும். ஒரு பிரதியில் எழுத்தே தெரியாது, அடுத்ததில் கரேல் என்றிருக்கும். நாற்பது பிரதி ஜெராக்ஸ்தான் என்றால் முழுக்கறுப்பில் தெளிவான புள்ளியே நிலைக்கும். பிரதியிலிருந்து பிரதி எடுக்க வேண்டாம்; ஒவ்வொரு தலைமுறையிலும் புள்ளி தடிக்கும், தாள் சற்றுச் சாயும். பிரிண்டரில் எடுத்த முதல் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்தே எடுக்கலாம்.

இன்னொரு வேண்டுகோள். நாற்பது பிரதி எடுக்கும் முன் ஒரே ஒரு பிரதியை எடுத்துப் போய் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பாருங்கள். முடித்த தாளைப் பார்த்துப் பயனில்லை. ‘ப’வை வலக்காலில் தொடங்கி இடப்பக்கம் முடித்திருந்தாலும் தாளில் அதே ‘ப’தான் நிற்கும். பென்சில் தொடக்க வட்டத்தில் இறங்குகிறதா? மூலையில் ஒரு நொடி நின்று திரும்புகிறதா, அல்லது பென்சிலைத் தூக்கி அடிக்கோட்டைத் தனியாகப் போடுகிறதா? தூக்கினால் புள்ளி அதிகம், அல்லது வழிகாட்டிக் கோடு குறுக்கே நிற்கிறது. வட்டத்தைக் கவனிக்காமல் வேறிடத்தில் தொடங்கினால் வட்டம் சிறிது, அல்லது பெட்டியில் கண்ணை இழுக்கும் வேறு படம் ஏதோ இருக்கிறது. ஓரத்து அணிலை எடுத்துவிடச் சொல்லி நான் கெஞ்சுவது அதனால்தான். மூன்றாம் வரிசையில் திணறினால் அடுத்த தாளில் நெருங்கிய புள்ளிக்கு ஒரு வரிசை கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள், அழகைப் பார்க்க வேண்டாம்.

அப்படிப் பார்த்ததை அந்தத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்து, பிரதி எடுக்க வரும்போது கொண்டுவாருங்கள். வட்டம் பெரிதாக வேண்டுமா, கோடு குறைய வேண்டுமா என்பதை உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றத்துக்குக் கடையில் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் பக்க வடிவமைப்பாளர்